எஃப்டி மேல லோன்: மார்ஜின் 10% சரியா இருக்கு, லியன் தொகைதான் உறுத்துது

மல்லேஸ்வரம்_ஆடிட்

வணக்கம். பெங்களூர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பார்க்கிறேன். ஒரு வங்கிக் கிளையோட கான்கரண்ட் ஆடிட் எங்க கையில இருக்கு. போன வாரம் எஃப்டி மேல கொடுத்த லோன் ஃபைல் ஒண்ணு பார்த்தேன். மேலோட்டமா எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா மூடி வைக்க மனசு வரல. வங்கியில வேலை பார்த்தவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க, அதனால கேட்கிறேன்.

எஃப்டி 10,00,000 ரூபாய். மூணு வருஷம், வட்டி அசலோட சேர்ற வகை. டெபாசிட்தாரர் சீனியர் சிட்டிசன், அதனால சாதாரண வட்டி 7.00%க்கு மேல அரை சதவீதம் சேர்த்து 7.50%. 15ஹெச் கொடுத்திருக்கார், டிடிஎஸ் பிடிப்பு கிடையாது. ரெண்டாவது பேர் அவரோட மகள், எய்தர் ஆர் சர்வைவர்.

எஃப்டி போட்டு சரியா ஒரு வருஷம் ஆனதும் அப்பா மட்டும் லோன் கேட்டிருக்கார். அன்னைக்கு எஃப்டியோட மதிப்பு 10,77,136ன்னு கிளை கணக்குப் போட்டு, அதுல 90%, அதாவது 9,69,000 சாங்ஷன் பண்ணியிருக்காங்க. மாசத் தவணை இல்லை. எஃப்டி முதிரும்போது மொத்தமா அடைக்கணும்.

சாங்ஷன் நோட்டுல வட்டி "எஃப்டி வட்டி + 1%". சிஸ்டத்துல லோன் கணக்கைத் திறந்து பார்த்தா 8.00% ஓடுது. லியன் 9,69,000க்குப் போட்டிருக்கு. ரசீதுக்குப் பின்னாடி அப்பா கையெழுத்து மட்டும் இருக்கு.

மார்ஜின் 10% இருக்கு, லியன் இருக்கு, வட்டி எஃப்டியை விட அதிகம். அப்போ இதுல எழுத எதுவும் இல்லையா?

---

ராஜாஜிநகர்_ரவுண்டு

முதல் தப்பே வட்டிதான். 2019 அக்டோபர்ல இருந்து ரீடெய்ல் ஃப்ளோட்டிங் லோன் எல்லாம் ரெப்போ மாதிரி ஒரு வெளி அளவுகோலோட இணைக்கணும்னு ரிசர்வ் வங்கி சொல்லியாச்சு. எஃப்டி வட்டியோட இணைக்கவே கூடாது. அதை எழுதுங்க, கிளை தன்னால வழிக்கு வரும்.

அப்புறம் எய்தர் ஆர் சர்வைவர்னா ரெண்டு பேர்ல யார் வேணும்னாலும் எதையும் செய்யலாம். மகள் கையெழுத்து தேவையில்லை. அதை எழுதி நேரத்தை வீணாக்காதீங்க.

---

பழைய மேனேஜர் (ஹலசூரு)

ராஜாஜிநகர் நண்பர் சொன்ன 2019 உத்தரவு உண்மைதான். ஆனால் டெபாசிட்தாரருக்கு அவருடைய சொந்த டெபாசிட்டின் மேல் கொடுக்கும் கடனுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. சொந்த டெபாசிட் என்பதில் கடன் வாங்குபவர் இன்னொருவரோடு சேர்ந்து வைத்திருக்கும் டெபாசிட்டும் அடங்கும். ஆகவே எஃப்டி வட்டிக்கு மேல் இவ்வளவு என்று வைப்பது இங்கே சரி. வேறொருவர் எஃப்டியை ஈடாகக் கொடுத்து நீங்கள் கடன் வாங்கினால்தான் அந்த விலக்கு கிடைக்காது.

கையெழுத்து விஷயத்தில் நான் முழுக்க மாறுபடுகிறேன். எய்தர் ஆர் சர்வைவர் என்ற ஏற்பாடு, முதிர்ந்த பணத்தை யாரிடம் கொடுக்கலாம் என்பதற்காக வந்தது. முதிர்வு நாளில் ஒருவர் கையெழுத்துப் போதும். முதிர்வுக்கு முன்னால் அந்த டெபாசிட்டை உடைப்பதற்கே இருவர் கையெழுத்தும் கேட்கிறோம், தனியாக எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய. ஈடு வைப்பது அதைவிடப் பெரிய காரியம்.

தம்பி, ஏன் என்று சொல்கிறேன். எஃப்டி என்பது வங்கி அந்த இருவருக்கும் சேர்த்துப் பட்டிருக்கும் கடன். லோன் அப்பா மட்டும் வங்கிக்குப் பட்ட கடன். ஒருவருடைய தனிக்கடனை இருவருக்குச் சேர வேண்டிய பணத்தில் கழிக்க, இன்னொருவருடைய எழுத்து வேண்டும். நாளை அப்பா இல்லாமல் போய், மகள் சர்வைவராக வந்து ரசீதை நீட்டினால், "நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லையே" என்று அவர் கேட்பதற்குக் கிளையிடம் பதில் கிடையாது. கம்ப்யூட்டரில் லியன் போட்டிருக்கிறோம் என்பது பதில் ஆகாது. அது பணம் வெளியே போகாமல் வைத்த பூட்டு மட்டுமே. அந்தப் பூட்டைப் போட வங்கிக்கு உரிமை கொடுத்தது யார் என்பது காகிதத்தில் இருக்க வேண்டும்.

நான் வேலையில் இருந்த காலத்தில் ரசீதின் பின்னால் எல்லா டெபாசிட்தாரர்களும் கையெழுத்திட வேண்டும், லியன் கடிதத்திலும் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். இது இல்லாமல் ஃபைல் என் மேஜையைத் தாண்டியதில்லை.

---

கே.ஆர்.புரம் அக்கா

நானும் இதே குழப்பத்துலதான் இருக்கேன். என்கிட்ட 5 லட்சம் எஃப்டி இருக்கு, 7%, மூணு வருஷத்துக்குப் போட்டது, முதிர ஆறு மாசம்தான் பாக்கி. மகன் காலேஜுக்கு 4 லட்சம் உடனே வேணும். ஆறு மாசத்துல சீட்டுப் பணம் வந்துரும். உடைக்கறதா, லோன் போடறதா? வீட்ல எல்லாரும் உடைச்சுருங்கறாங்க.

---

கணக்குப்புலி_ஜேபிநகர்

அக்கா, இது வேற கேள்வி, ஆனா பதில் சின்னது. 8%க்கு 4 லட்சம் வாங்கினா ஆறு மாசத்துக்கு வட்டி சுமார் 16,000. அதே 4 லட்சம் எஃப்டிக்குள்ள இருந்து அந்த ஆறு மாசத்துல சுமார் 14,000 சம்பாதிக்கும். உங்க நிகரச் செலவு 2,000 சுத்திதான். உடைச்சா முழு 5 லட்சத்துக்கும் போன இரண்டரை வருஷ வட்டியையும் குறைச்சுருவாங்க. ஒரு சதவீதம் குறைஞ்சாலே 12,500 போகும். முதிர இவ்வளவு கிட்ட இருக்கும்போது லோன்தான். போட்டு ஒரு மாசமே ஆன எஃப்டியா இருந்தா நான் வேற மாதிரி சொல்லியிருப்பேன்.

இப்போ ஆடிட் நண்பரோட ஃபைலுக்கு வர்றேன். நோட்டுல எஃப்டி வட்டி + 1%. எஃப்டி வட்டி 7.50. அப்போ லோன் 8.50ல ஓடணும். 8.00 எப்படி வந்துச்சு? சீனியர் கூடுதலை விட்டுட்டு, அட்டவணையில இருக்கற 7.00 மேல 1% கூட்டியிருக்காங்க. இதை விட வேற வழியில அந்த எண் வராது.

இன்னொண்ணு. எஃப்டிக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை வட்டி அசல்ல சேரும், லோனுக்கு மாசா மாசம் சேரும். அதனால ஒரு சதவீத வித்தியாசம்னு சொல்றது ஒரு வருஷத்துல ஒரு சதவீதமா நிக்காது.

```
எஃப்டி 7.50 : (1 + 0.075/4)^4   = 1.0771
லோன் 8.50  : (1 + 0.085/12)^12 = 1.0884
லோன் 8.00  : (1 + 0.080/12)^12 = 1.0830
```

நோட்டுல எழுதின மாதிரி ஓடினா உண்மையான வித்தியாசம் 1.13. இப்போ ஓடறது 0.59. கிட்டத்தட்ட பாதி.

---

மல்லேஸ்வரம்_ஆடிட்

8.50க்கும் 8.00க்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் என் கண்ணுல படவே இல்லை. எஃப்டியை விட லோன் வட்டி அதிகமான்னு மட்டும்தான் பார்த்தேன். ரெண்டு வருஷத்துக்கும் கணக்குப் போட்டேன். 8.50ல ஓடினா கடைசியில 11,47,872. 8.00ல ஓடினா 11,36,528. வங்கிக்கு இந்த ஒரு ஃபைல்ல 11,344 ரூபாய் குறையுது. எண்ணோட எழுதலாம்.

மார்ஜின்? 10,77,136 மேல 90%. இதுல தப்பு இல்லையே?

---

பழைய மேனேஜர் (ஹலசூரு)

தப்பா சரியா என்பது அந்த வங்கியின் சுற்றறிக்கையைப் பொறுத்தது. சேர்ந்த வட்டியையும் கூட்டிக்கொள்ளலாம் என்று இருந்தால் கிளை செய்தது சரி. அசல் மட்டும் என்று இருந்தால் 9,00,000க்கு மேல் கொடுத்திருக்கக் கூடாது. முதலில் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள்.

சுற்றறிக்கை அனுமதித்தாலும் நான் வேறு ஒரு மதிப்பையும் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். மார்ஜின் எதற்கு? கடன்காரர் கட்டாமல் போனால் எஃப்டியை உடைத்துக் கழித்துக்கொள்வதற்கு. உடைக்கும்போது 10,77,136 கிடைக்குமா? கிடைக்காது. 7.50 என்பது மூன்று வருடம் வைத்திருந்தால்தான். ஒரு வருடத்தில் உடைத்தால், போட்ட அன்றைக்கு ஒரு வருட எஃப்டிக்கு என்ன வட்டியோ அதுதான், அதிலும் அபராதம் கழியும். அந்த வங்கியில் சீனியருக்கு ஒரு வருட வட்டி 7.10 இருந்தது, அபராதம் 1% என்று வைத்துக்கொள்வோம். 6.10க்குக் கணக்குப் போட்டால் 10,62,410 வருகிறது. அதன் மேல் 9,69,000 என்றால் கையில் இருக்கும் மார்ஜின் 8.8%. நோட்டில் எழுதிய 10% அல்ல.

இது ஆபத்தான எண் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இதை வைத்துக் கிளையைத் திட்ட வேண்டாம். ஆனால் 5% மார்ஜினில் கொடுக்கும் வங்கிகளில் இதே கணக்கைப் போட்டால் மிச்சம் மிகவும் மெலிந்துவிடும். டிடிஎஸ் பிடிக்கும் கணக்காக இருந்தால் இன்னும் மெலியும், ஏனென்றால் வட்டியில் ஒரு பகுதி எஃப்டிக்குள் சேராமலேயே போய்விடுகிறது.

உங்களை உறுத்த வேண்டியது அந்த லியன் தொகை. முதிரும் நாளில் எஃப்டி எவ்வளவு ஆகும், கணக்குப் போட்டீர்களா?

---

மல்லேஸ்வரம்_ஆடிட்

12,49,716. அன்னைக்கு லோன் 8.50ல 11,47,872. ஆக ஒரு லட்சத்துக்கு மேல மிச்சம் இருக்கு. மார்ஜின் 8.1%. எஃப்டிதான் லோனை முந்தியே ஓடுது, அப்போ என்ன கவலை?

---

பழைய மேனேஜர் (ஹலசூரு)

எஃப்டி முழுவதும் பூட்டுக்குள் இருந்தால் கவலை இல்லை. பூட்டு எவ்வளவுக்கு? 9,69,000க்கு. அது லோன் கொடுத்த அன்றைய தொகை. லோன் மாதாமாதம் வட்டி சேர்ந்து வளர்கிறது, தவணையும் கிடையாது. லியன் வளர்வதில்லை. போட்ட இடத்திலேயே நிற்கிறது.

முதிரும் நாளில் 12,49,716இல் லியன் 9,69,000 போக 2,80,716 கட்டில்லாத பணம். எஃப்டியில் "முதிர்ந்தால் சேமிப்புக் கணக்கில் வரவு வை" என்று இருந்து, சிஸ்டம் லியனுக்கு மேற்பட்டதை விட்டுவிட்டால் அந்தப் பணம் சேமிப்புக் கணக்குக்குப் போய், அன்றே ஏடிஎம்மிலோ யுபிஐயிலோ வெளியே போகலாம். வங்கியிடம் மிஞ்சுவது 9,69,000. வரவேண்டியது 11,47,872. 1,78,872 ரூபாய்க்கு ஈடே இல்லை. எஃப்டி கடன் என்று நம்பிக் கொடுத்ததில் ஒரு பகுதி வெறும் கைமாற்றாகிவிடுகிறது.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. எஃப்டி மேல் கொடுத்த கடனை, வட்டி கட்டவில்லை என்பதற்காக வாராக்கடன் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் போதுமான மார்ஜின் இருக்கும்வரைதான் அந்தச் சலுகை. மார்ஜின் கரைந்த கடனுக்கு அந்த நிழல் கிடையாது.

---

கோரமங்களா_சிபிஎஸ்

ஒரு சின்னத் திருத்தம் சொல்லலாமா? நான் ஒரு வங்கிக்கு மென்பொருள் பக்கம் வேலை பார்க்கிறேன். எல்லா இடத்திலும் ஐயா சொன்ன மாதிரி நடக்காது. லோன் கணக்கைத் திறக்கும்போது எஃப்டியை அதே சிஸ்டத்துல ஈடாக இணைச்சிருந்தா, சில இடங்கள்ல லியன் தொகை எவ்வளவு இருந்தாலும் அந்த எஃப்டி மூடவே மூடாது. லோன்ல பாக்கி இருக்குன்னு நிறுத்திடும். கையால தனியா லியன் போட்டிருந்தா, அது ஒரு எண் மட்டும்தான். எந்த லோனுக்காக அந்த லியன்னு சிஸ்டத்துக்குத் தெரியாது.

அதனால எவ்வளவுக்கு லியன்னு பார்க்கறதுக்கு முன்னாடி எப்படிப் போட்ட லியன்னு பாருங்க. லோன் கணக்குல ஈடு விவரப் பக்கத்துல எஃப்டி எண் வருதா, எஃப்டி பக்கம் லியன் காரணத்துல லோன் எண் வருதா, இந்த ரெண்டும் போதும். எஃப்டியில தானியங்கிப் புதுப்பிப்பு இருந்தா அதையும் பாருங்க. புதுப்பிக்கும்போது சில அமைப்புகள்ல எஃப்டிக்குப் புது எண் வந்துரும். பழைய எண்ணுல போட்ட லியன் பழைய எண்ணோடயே போயிடும்.

---

ராஜாஜிநகர்_ரவுண்டு

சொந்த டெபாசிட் விலக்கு எனக்குத் தெரியாது. பெரியவர் சொன்னதை ஏத்துக்கறேன். ஆனா கையெழுத்து விஷயத்துல இன்னும் மனசு ஒப்பலை. நானே என் மனைவியோட சேர்ந்து இருக்கற எஃப்டி மேல ஓவர்டிராஃப்ட் எடுத்திருக்கேன், நான் மட்டும்தான் போனேன், யாரும் எதுவும் கேட்கல.

---

வில்சன்கார்டன்_மாமி

கேட்காம விட்டதால சரின்னு ஆயிடுமா? எங்க வீட்ல நடந்ததைச் சொல்றேன். என் மாமனாரும் நாத்தனாரும் சேர்ந்து இருந்த எஃப்டி மேல மாமனார் மட்டும் லோன் வாங்கியிருந்தார், வீட்ல யாருக்கும் தெரியாது. அவர் போனப்புறம் நாத்தனார் ரசீதை எடுத்துண்டு போனா லோன் இருக்கு, கழிச்சுண்டுதான் கொடுப்போம்னாங்க. அவ கையெழுத்து எங்கேன்னு கேட்டோம். காட்ட முடியல. நாலு மாசம் அலைஞ்சோம். கடைசியில கழிச்சுண்டுதான் கொடுத்தாங்க, நாத்தனாரும் அண்ணாவோட சண்டை வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுட்டா. வங்கி பேரைச் சொல்ல விரும்பல. ஆனா அந்த நாலு மாசம் எங்க வீட்ல யாரும் யாரோடயும் சரியாப் பேசல. அந்த ஒரு கையெழுத்தை அன்னைக்கே வாங்கியிருந்தா லோன் இருக்கறதாவது அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்.

---

பழைய மேனேஜர் (ஹலசூரு)

அம்மா சொன்னதுதான் நான் பார்த்த பல கேஸும். ராஜாஜிநகர் நண்பரே, உங்கள் கணக்கு திறந்த அன்று, ஒருவரே கடன் எடுக்கலாம் என்று இருவரும் கையெழுத்திட்ட படிவம் ஏதாவது இருக்கலாம். அப்படி இருந்தால் அது செல்லும். ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பல வங்கிகள் நெட் பேங்கிங் வழியாக ஓவர்டிராஃப்ட் கொடுப்பதைத் தனிப்பெயர் எஃப்டிக்கு மட்டும் வைத்திருப்பது இந்தக் காரணத்தால்தான். திரையில் இன்னொருவரிடம் கையெழுத்து வாங்க முடியாது.

---

மல்லேஸ்வரம்_ஆடிட்

மூணு நாள் கழிச்சு வர்றேன். கிளைக்குப் போய்ப் பார்த்துட்டேன்.

சுற்றறிக்கையில சேர்ந்த வட்டியையும் மதிப்புல கூட்டிக்கலாம்னு இருக்கு. அதனால 9,69,000 அவங்க விதிப்படி சரி. முன்கூட்டி உடைச்சா கிடைக்கற மதிப்பைக் குறிப்பா மட்டும் எழுதினேன்.

லியன் கையால போட்டது. காரணம் கட்டத்துல "OTHERS"ன்னு இருக்கு, லோன் எண் இல்லை. லோன் பக்கம் ஈடு விவரம் காலி. எஃப்டியில முதிர்வு உத்தரவு சேமிப்புக் கணக்குக்கு வரவு. பெரியவர் சொன்ன அத்தனையும் அப்படியே. அதிகாரி நல்ல மனுஷர், தகராறு பண்ணல. என் முன்னாடியே எஃப்டி முழுத் தொகைக்கும் லியன் மாத்தி, லோன் எண்ணைக் காரணத்துல எழுதி, முதிர்வு வரவை லோன் கணக்குக்குத் திருப்பினார். மகள் ஓசூர்ல இருக்காங்களாம். சனிக்கிழமை வந்து ரசீதுலயும் லியன் கடிதத்துலயும் கையெழுத்துப் போட்டுட்டாங்க. அவங்களுக்கு லோன் விஷயம் முன்னாடியே தெரியும், அதனால சிக்கல் வரல.

வட்டிதான் நிக்குது. கஸ்டமருக்குக் கொடுத்த சாங்ஷன் கடிதத்தைப் பார்த்தேன். அதுல ஒரே வரியில "டெபாசிட் வட்டிக்கு மேல் 1%, தற்போது 8.00%"ன்னு அச்சாகியிருக்கு. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகல. கிளை இப்போ 8.50க்கு மாத்தி, போன மாசங்களோட வித்தியாசத்தையும் பற்று வைக்கலாம்னு சொல்லுது. செய்யலாமா?

---

கணக்குப்புலி_ஜேபிநகர்

செய்யலாம். ஒப்பந்தம் +1%தான். 8.00ங்கறது டைப்பிங் தப்பு. தப்பான எண்ணைத் திருத்தறதுல என்ன இருக்கு? மாசம் 400 ரூபாய் சுமார்தான் வித்தியாசம்.

---

பழைய மேனேஜர் (ஹலசூரு)

நான் செய்ய மாட்டேன். 8.00 என்று கையில் கடிதம் கொடுத்திருக்கிறோம். அறுபது வயது தாண்டிய மனிதர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் கையெழுத்திட்டார். இனிமேல் 8.50 என்று எழுத்தில் சொல்லி, அவர் ஒப்புக்கொண்ட தேதியிலிருந்து மாற்றலாம். பின்னோக்கிப் பற்று வைப்பது என் மனதுக்கு ஒப்பவில்லை. தப்பு கிளையுடையது.

---

கோரமங்களா_சிபிஎஸ்

ரெண்டு பக்கமும் நியாயம் தெரியுது. ஆனா அதை முடிவு பண்றதுக்கு முன்னாடி, அது டைப்பிங் தப்பான்னு பாருங்க. லோன் திட்டத்தோட வட்டி அட்டவணை சாதாரண எஃப்டி வட்டியை எடுக்கற மாதிரி அமைஞ்சிருந்தா, அது ஒரு ஃபைலோட தப்பா இருக்காது. சீனியர் எஃப்டி மேல கொடுத்த மத்த லோன்களையும் எடுத்துப் பாருங்க.

---

மல்லேஸ்வரம்_ஆடிட்

எடுத்தேன். இந்தக் காலாண்டுல அந்தக் கிளையில சீனியர் எஃப்டி மேல கொடுத்தது 11 லோன். 7ல வட்டி சரி, அதை எல்லாம் அதிகாரி கையால திருத்தியிருக்கார். மீதி 4லயும் சரியா அரை சதவீதம் குறைவு. ஆக கோரமங்களா நண்பர் சொன்னதுதான், அட்டவணையே சாதாரண வட்டியை எடுக்குது. கையால திருத்த மறந்த இடத்துல எல்லாம் இது நடந்திருக்கு.

அட்டவணை தலைமையகம் திருத்த வேண்டியது, அதைத் தனியா எழுதி அனுப்பிட்டோம். பின்னோக்கிப் பற்று வைக்கறது பத்தி மண்டல அலுவலகத்துக்குக் கிளை கேட்டு எழுதியிருக்கு, பதில் வரல. அதுவரைக்கும் எதையும் பற்று வைக்க வேண்டாம்னு சொல்லிட்டு வந்தேன். அந்த 4ல மீதி மூணு பேர் கடிதத்துல என்ன எண் அச்சாகியிருக்குன்னு திங்கட்கிழமை போய்ப் பார்க்கணும். கையால திருத்தின 7லயும் பார்க்கணும், ஏன்னா திருத்தறதுக்கு முன்னாடியே கடிதம் அச்சடிச்சிருந்தா அவங்க கையிலயும் குறைஞ்ச எண்தான் இருக்கும்.